வேலை அறிவிப்பின் சொற்களையே கடிதத்தில் எழுதினால் மென்பொருள் தள்ளிவிடாமல் இருக்குமா?

திருப்பூர் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 6 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்னையில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் நிதிச் சேவை மையங்களில், சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் `accounts payable` பிரிவுக்கு விண்ணப்பித்து வருகிறேன். இரண்டு மாதங்களில் மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். ஓர் இடத்திற்கு இரவு 11 மணிக்கு அனுப்பிய விண்ணப்பத்திற்கு 20 நிமிடத்தில் மறுப்பு மின்னஞ்சல் வந்தது. அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து மறுத்திருக்க வாய்ப்பில்லை. மற்ற இரண்டு இடங்களிலிருந்து இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை.

விண்ணப்பங்களை ஏ.டி.எஸ். என்ற மென்பொருள்தான் முதலில் பார்க்கிறது என்றும், அறிவிப்பில் உள்ள சொற்கள் கடிதத்தில் இல்லாவிட்டால் அது தள்ளிவிடும் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். பதிலே வராத இடம் ஒன்றின் அறிவிப்பில் இப்படி இருந்தது:

```
Process vendor invoices with three-way match
Vendor statement reconciliation, month-end accruals
GST filing support; SAP experience preferred
```

நான் அனுப்பிய கடிதத்தில் பில், லெட்ஜர் வேலையைப் பற்றி இருந்த வரி இதுதான்:

```
I was handling bill passing and party ledger tally
for all job work units.
```

எங்கள் அலுவலகத்தில் இந்த வேலைகளை இந்தப் பெயர்களில்தான் சொல்வோம். அறிவிப்பின் சொற்களை அப்படியே எடுத்து எழுதலாமா, எழுதினால் எந்த அளவுக்கு, படிப்பவர்களுக்கு அது காப்பியடித்ததுபோலத் தெரியாதா என்று அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

விரைவு விண்ணப்பம்

உங்கள் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. இந்த மென்பொருள் உங்கள் கடிதத்தையும் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று கணக்கிடுகிறது. 80 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் அது மனிதர் கைக்கே போகாது. நான் ஒவ்வொரு முறையும் இணையத்தில் இருக்கும் ஒப்பீட்டுத் தளத்தில் இரண்டையும் ஏற்றி, 80 வரும் வரையில் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பேன். முழு அறிவிப்பையும் கடிதத்தின் அடியில் ஒட்டி, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கிவிட்டால் இன்னும் எளிது. மனிதர் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருள் மட்டும் படித்துக்கொள்ளும்.

ஆட்சேர்ப்பு மேசை

நான் சென்னையில் 11 ஆண்டுகளாக ஆட்சேர்ப்புப் பணியில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி நிதி மற்றும் கணக்குப் பிரிவுகளுக்கானது. இதுவரை நான்கு வெவ்வேறு மென்பொருள்களில் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் வெள்ளை எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைச் செய்து நல்ல விண்ணப்பங்களைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மென்பொருள் உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கிறது; நிறத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. பிரித்தெடுத்த அந்த வெறும் உரையைப் பல மென்பொருள்கள் எங்கள் திரையில் அப்படியே காட்டுகின்றன. கடிதம் முடிந்தவுடன் எங்கள் அறிவிப்பே வரிக்கு வரி, சாதாரணக் கறுப்பு எழுத்தில் எங்கள் முன் வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு அந்த விண்ணப்பதாரர் எழுதிய மற்ற எதையும் நம்புவது கடினம்.

80 சதவீதம் என்பது ஒப்பீட்டுத் தளங்கள் தாங்களே வைத்துக்கொண்ட அளவுகோல். நிறுவனத்தின் மென்பொருள் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்தத் தளத்திற்குத் தெரியாது. சில மென்பொருள்கள் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் கொடுத்து வரிசைப்படுத்துகின்றன என்பது உண்மைதான். நான் பயன்படுத்தியவற்றில் இரண்டில் அந்த வசதி இருந்தது, ஒன்றில் அதை நாங்கள் அணைத்தே வைத்திருந்தோம். ஆனால் சொல் குறைந்ததற்காக மட்டும் ஒருவருக்குத் தானாக மறுப்பு மின்னஞ்சல் போனதை நான் பார்த்ததில்லை.

திருப்பூர் நண்பரே, அந்த 20 நிமிட மறுப்பைப் பற்றி ஒரு கேள்வி. கடிதத்தையும் தன்விவரத்தையும் ஏற்றியபோது, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கும் கேள்விகள் ஏதும் படிவத்தில் இருந்தனவா?

திருப்பூர் கணக்கர்

ஆம், நான்கு கேள்விகள் இருந்தன. எஸ்.ஏ.பி. மென்பொருளில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் உண்டா என்பது அவற்றில் ஒன்று. எங்கள் நிறுவனத்தில் டேலி பிரைம் மட்டுமே என்பதால் இல்லை என்று குறித்தேன். மற்ற மூன்றும் சென்னைக்கு மாறிவரச் சம்மதமா, இரவுப் பணிக்குச் சம்மதமா, பட்டப்படிப்பு முடித்தாயிற்றா என்பவை. அவற்றிற்கு ஆம் என்று குறித்தேன்.

ஆட்சேர்ப்பு மேசை

அப்படியானால் உங்கள் கடிதத்தை அந்த மறுப்புக்குப் பொறுப்பாக்க வேண்டாம். அந்த எஸ்.ஏ.பி. கேள்விதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இத்தகைய கேள்விகளில் எதற்கு இல்லை என்று வந்தால் விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே அமைத்துவிட முடியும். விடை வந்தவுடன், அல்லது நாங்கள் வைக்கும் சிறு இடைவெளிக்குப் பிறகு, மின்னஞ்சல் தானாகப் போகும். கடிதத்தின் ஒரு சொல்லைக்கூட அந்த அமைப்பு தொட்டிருக்காது. நள்ளிரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ சில நிமிடங்களில் மறுப்பு வந்தால் முதலில் படிவத்தின் கேள்விகளைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பதிலே வராத மற்ற இரண்டு இடங்களின் கதை வேறு. அங்கேதான் சொற்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு கணக்கர் பதவிக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வந்து கிடக்கும்போது நான் ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. தேடல் பெட்டியில் இப்படி ஏதாவது தட்டச்சிடுவேன்:

```
"accounts payable" AND "three-way match" AND (SAP OR Oracle OR Tally)
```

இதில் மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே, அதே வரிசையில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் `bill passing` என்று இருந்தால் இந்தத் தேடலில் நீங்கள் வரமாட்டீர்கள். உங்களை யாரும் மறுக்கவில்லை. உங்கள் விண்ணப்பம் உள்ளேயே இருக்கிறது, ஆனால் என் திரைக்கு வரவில்லை. நான் தேடும் சொல்லை நான் எங்கிருந்து எடுக்கிறேன் என்று கேட்டால், பெரும்பாலும் அந்த அறிவிப்பிலிருந்துதான், ஏனெனில் பிரிவுத் தலைவர் எனக்குக் கொடுத்த தாளும் அதுதான். அறிவிப்பின் சொற்களைக் கடிதத்தில் எழுதுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

காத்திருப்பவர்

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். ஏ.டி.எஸ். எண்ணைப் போட்டு விண்ணப்பம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கும் வழியை யாராவது சொல்ல முடியுமா? கூரியர் அனுப்பினால் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோமே, அதுபோல எனக்கு எந்த எண்ணும் வரவில்லை.

ஆட்சேர்ப்பு மேசை

ஏ.டி.எஸ். என்பது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து விண்ணப்பங்களைப் பின்தொடர்வதற்கான மென்பொருள். விண்ணப்பித்தபோது கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்லியிருந்தால், அதில் நுழைந்தால் பரிசீலனையில் உள்ளது என்பது போன்ற ஒரு நிலை மட்டும் தெரியும். அதற்கு மேல் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

விரைவு விண்ணப்பம்

வெள்ளை எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அது எங்கள் பக்கத்திற்கும் உங்கள் பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் மென்பொருள் ஆட்களைத் தள்ளுவதே இல்லை என்பதுபோல நீங்கள் எழுதுவதை ஏற்க முடியவில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கையே, தகுதியுள்ளவர்கள் மென்பொருளால் பெருமளவில் விடுபட்டுப் போகிறார்கள் என்றுதான் சொல்கிறது.

ஆட்சேர்ப்பு மேசை

அந்த அறிக்கையைப் படித்திருக்கிறேன், அதன் முடிவோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அது சுட்டிக்காட்டும் வடிகட்டிகளில் முக்கியமான ஒன்றைப் பாருங்கள்: வேலையில் 6 மாதத்திற்கு மேல் இடைவெளி இருந்தால் விலக்குவது. அது நிறுவனம் தானாக விரும்பி வைக்கும் நிபந்தனை. குழந்தை பெற்று ஓராண்டு வீட்டில் இருந்த ஒரு பெண், அறிவிப்பின் எல்லாச் சொற்களையும் கடிதத்தில் எழுதினாலும் அந்த வடிகட்டியைத் தாண்ட முடியாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்; என் அலுவலகத்தில் அதை அணைக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன். சொற்களால் தீர்க்கக்கூடியது எது, தீர்க்க முடியாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

இப்போது திருப்பூர் நண்பரின் கடிதத்திற்கு வருகிறேன். நீங்கள் `bill passing` என்று எதைச் சொல்கிறீர்கள், ஒரு பில் வந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று அடுத்தடுத்து எழுதுங்கள். அறிவிப்பின் எந்தச் சொல் உங்களுக்கு உரியது என்பது அப்போதுதான் தெரியும்.

திருப்பூர் கணக்கர்

எழுதுகிறேன். மாதம் ஏறத்தாழ 400 பில்கள் வரும். நூல், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி போன்றவை வாங்கும்போது முதலில் பி.ஓ. என்ற கொள்முதல் ஆணையைப் போடுவோம். சரக்கு வந்து இறங்கியதும் ஸ்டோரில் எடை போட்டு, அல்லது எண்ணி, ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டைப் போடுவார்கள். பில் வந்ததும் பி.ஓ.வில் உள்ள விலை, ஜி.ஆர்.என்.இல் உள்ள அளவு, பில்லில் உள்ள தொகை மூன்றையும் பார்த்து, ஒத்துவந்தால் பாஸ் செய்வேன்; ஒத்துவராவிட்டால் டெபிட் நோட் போட்டுக் கழிப்பேன்.

நிட்டிங், சாயம், காம்பாக்டிங் ஆகியவை வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க். அவற்றிற்கு பி.ஓ. கிடையாது, ஜாப் ஆர்டர்தான். சாயப் பட்டறைக்கு 100 கிலோ துணி கொடுத்தால் 92 கிலோ திரும்பி வரும். அந்தக் குறைவு பேசிவைத்த அளவுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் 60 பார்ட்டிகளிடமிருந்து அவர்களுடைய லெட்ஜரை வாங்கி எங்கள் டேலி லெட்ஜருடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எழுதிவைப்பேன். பில் வராத வேலைகளுக்கு மார்ச் மாதத்தில் மட்டும் செலவு ஒதுக்கீடு போடுவோம். சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கை வந்ததும் எந்த பார்ட்டி பில்லை ஏற்றவில்லை என்று பார்த்து அவர்களைத் தொலைபேசியில் அழைப்பதும் என் வேலை.

ஆட்சேர்ப்பு மேசை

நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அறிவிப்பு கேட்ட வேலையில் பெரும்பகுதியை 6 ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கும் ஒருவர் ஒரே ஒரு வரியால் தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் ஒப்பிடுவதைத்தான் `three-way match` என்கிறார்கள். பார்ட்டி லெட்ஜரை ஒப்பிடுவதுதான் `vendor statement reconciliation`. இந்தச் சொற்களை எடுப்பது காப்பியடிப்பது ஆகாது; உங்கள் வேலைக்கு அந்த நிறுவனத்தில் வழங்கும் பெயரைச் சொல்கிறீர்கள், அவ்வளவே. அந்த ஒரு வரியை இப்படி மாற்றலாம்:

```
In accounts payable at a knitwear exporter, I process about
400 vendor invoices a month with three-way match (PO, GRN,
invoice) and raise debit notes for differences. Each month I do
vendor statement reconciliation for 60 suppliers in Tally.
```

காப்பியடித்ததுபோலத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அறிவிப்பின் சொல் மட்டும் தனியாக நின்றால் தெரியும். அதன் பக்கத்தில் 400, 60, டெபிட் நோட் என்று உங்கள் சொந்த விவரம் நின்றால் தெரியாது, ஏனெனில் அவை எங்கள் அறிவிப்பில் இல்லை. ஒரு சொற்றொடர் கடிதத்தில் ஒருமுறை வந்தால் போதும்.

சொல்லின் உருவத்திலும் கவனம் வேண்டும். அறிவிப்பில் `three-way match` என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். `3 way matching` என்று எழுதினால் சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதும், சில கருதாது. எது எப்படி என்று உங்களுக்கு வெளியிலிருந்து தெரியாது. அதேபோல், சிலர் `AP` என்று தேடுவார்கள், சிலர் `accounts payable` என்று விரித்துத் தேடுவார்கள். தன்விவரத்தில் இரண்டையும் எழுதிவைப்பது நல்லது.

`month-end accruals` என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பில் வராத செலவுக்கான ஒதுக்கீட்டை அவர்கள் மாதந்தோறும் செய்கிறார்கள், நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறீர்கள். `year-end accruals` என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் `accruals` என்று தேடுபவருக்கு நீங்கள் கிடைப்பீர்கள், நேர்காணலிலும் தடுமாற வேண்டியிருக்காது.

பழைய தணிக்கையர்

நான் பட்டயக் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் 30 ஆண்டுகள் தணிக்கை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்பூர், கரூர்ப் பக்கத்துக் கணக்குகளைப் பார்த்துப் பழகியவன். ஆட்சேர்ப்பு மேசை அம்மையார் எழுதியதில் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. நூல், பட்டன் வாங்குவதற்கு `three-way match` என்று சொல்வது சரி. சாயப் பட்டறை பில்லுக்கு அந்தச் சொல் முழுமையாகப் பொருந்தாது. அங்கே சரக்கு நம்முடையது, கூலி மட்டும்தான் அவர்களுடையது. அனுப்பிய எடைக்கான டெலிவரி சலான், திரும்பி வந்த எடை, ஜாப் ஆர்டரில் பேசிய கூலி, பில் என்று நான்கு தாள்களைப் பார்க்கிறார்; அதோடு எடைக் குறைவையும் கணக்கிடுகிறார். அது அறிவிப்பு கேட்டதைவிடக் கடினமான வேலை. அதை மூன்று தாள் ஒப்பீடு என்ற பெயருக்குள் அடக்கினால் தம்பியின் திறமையைக் குறைத்துச் சொன்னதாகும் என்று நினைக்கிறேன்.

ஆட்சேர்ப்பு மேசை

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாயப் பட்டறை பில்லுக்குத் தனியாக ஒரு வாக்கியம் எழுதலாம்: ஜாப் ஆர்டர், சலான், ஜி.ஆர்.என். ஆகியவற்றோடு ஒப்பிட்டு எடைக் குறைவைச் சரிபார்த்தேன் என்று. அந்த வாக்கியத்தை எந்தத் தேடலும் பிடிக்காது. ஆனால் தேடலில் மேலே வந்த பிறகு படிக்கும் பிரிவுத் தலைவர் அந்த இடத்தில்தான் நின்று படிப்பார். அப்படி எழுதும்போது 400 என்ற எண்ணில் ஜாப் ஒர்க் பில்கள் எத்தனை என்பதையும் பிரித்துச் சொல்வது நேர்மையாக இருக்கும்.

லீட்ஸ் செவிலியர்

தம்பி, நான் மதுரையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.இல் வேலை செய்கிறேன். இங்கேயும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு பதவிக்கும் தேவையான தகுதி, இருந்தால் நல்லது என்று கருதும் தகுதி என்று பிரித்து ஒரு பட்டியல் தருவார்கள். முதல் மூன்று விண்ணப்பங்களில் என் 8 ஆண்டு அனுபவத்தைப் பொதுவாக எழுதினேன், அழைப்பு வரவில்லை. நான்காவதில் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியையும் அதே சொல்லால் தொடங்கி, அதற்கு நான் வார்டில் செய்த ஒன்றைக் கீழே எழுதினேன். நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதனால் மென்பொருளை ஏமாற்ற முடியாது என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஆட்சேர்ப்பு மேசை

சகோதரி, உங்கள் அனுபவம் மிகவும் பயனுள்ளது, ஆனால் அங்கே உங்களைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் மென்பொருளாக இருந்திருக்காது. என்.எச்.எஸ்.இல் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர்களே விண்ணப்பத்தைப் படித்து, ஒவ்வொரு தகுதிக்கும் மதிப்பிடுவதுதான் வழக்கம். அங்கே அதே சொல்லைப் பயன்படுத்துவது, படிப்பவர் தன் பட்டியலில் எதற்கு எதிரே குறியிட வேண்டும் என்று தேடாமல் இருப்பதற்காக. ஒரே எழுத்துமுறை இரண்டு இடத்திலும் உதவுகிறது, காரணம்தான் வேறு.

எழுத்துருப் பித்தன்

எல்லோரும் சொற்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தச் சொற்கள் கோப்புக்குள் உண்மையில் இருக்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லை. திருப்பூர் நண்பரே, உங்கள் கடிதத்தை எந்த மென்பொருளில் தயாரித்தீர்கள்? பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பிறகு அதில் `filing` என்ற சொல்லைத் தேடுங்கள்.

திருப்பூர் கணக்கர்

இணையத்தில் கிடைத்த ஒரு வடிவமைப்பு மாதிரியில் தயாரித்தேன். நீங்கள் சொன்னபடி ஒட்டிப் பார்த்தேன். `GST filing` என்று நான் எழுதிய இடத்தில் இப்படி வந்திருக்கிறது:

```
GST  ling and certi ed TDS workings
```

பி.டி.எஃப்.இல் பார்க்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. பக்கத்தின் மேல் பட்டையில் பெரிதாக வைத்திருந்த என் பெயரும் தொலைபேசி எண்ணும் கடைசி வரிக்குப் பிறகு வந்திருக்கின்றன.

எழுத்துருப் பித்தன்

நான் எதிர்பார்த்தது இதுதான். சில எழுத்துருக்கள் `f`, `i` இரண்டையும் சேர்த்து ஒரே கூட்டெழுத்தாக வரைகின்றன. அந்தக் கூட்டெழுத்து எந்த எழுத்துகளுக்கானது என்ற குறிப்பு பி.டி.எஃப்.இல் சரியாகப் பதியாவிட்டால், உரையைப் பிரித்தெடுக்கும்போது அந்த இடம் காலியாகிவிடும், அல்லது வேறு குறியாக மாறிவிடும். நம்மில் பலருக்கு இது புதிதல்ல. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்பு கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரியும். ஆனால் யூனிகோடில் ஒரு சொல்லைத் தட்டச்சிட்டு அதில் தேடினால் கிடைக்காது, ஏனெனில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. திரையில் தெரிவது வேறு, கோப்புக்குள் இருப்பது வேறு. உங்கள் கடிதத்தில் நடந்ததும் அதுதான். நீங்கள் அறிவிப்பின் சொல்லைச் சரியாகவே எழுதியிருந்தாலும் `GST filing` என்று தேடியவருக்குக் கிடைத்திருக்க மாட்டீர்கள்.

வேர்டில் சாதாரண எழுத்துருவில், ஒரே பத்தியமைப்பில், உரைப்பெட்டி இல்லாமல் எழுதுங்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் பக்கத் தலைப்புப் பகுதியில் வைக்காமல் கடிதத்தின் முதல் வரிகளாகவே வையுங்கள். படிவம் ஏற்றுக்கொண்டால் `.docx` ஆகவே அனுப்பலாம். பி.டி.எஃப்.தான் வேண்டும் என்றால், அனுப்புமுன் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இப்படியும் பார்க்கலாம்:

```
pdftotext kaditham.pdf - | grep -i "filing"
```

சொல் இருக்கும் வரி திரையில் வந்தால் கோப்பு சரி. ஒன்றும் வராவிட்டால் மேலே சொன்ன சிக்கல் இருக்கலாம், அல்லது சொல் வரியின் முடிவில் உடைந்திருக்கலாம்.

ஆட்சேர்ப்பு மேசை

இதற்கு இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒர்க்டே போன்ற மென்பொருளில் தன்விவரத்தை ஏற்றினால் படிவத்தின் கட்டங்கள் தானாக நிரம்பும். அவசரத்தில் அதைப் பார்க்காமலே அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறார்கள். உங்கள் கோப்பை மென்பொருள் எப்படிப் படித்தது என்பதை உங்களுக்கே காட்டும் இடம் அது. நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஊர்ப் பெயர் வந்திருந்தால் அங்கேயே திருத்திவிட்டு, கோப்பின் அமைப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

விரைவு விண்ணப்பம்

எஸ்.ஏ.பி. என்று மட்டும் தேடுபவர்களுக்கு இன்னும் வழி சொல்லவில்லை. எஸ்.ஏ.பி. கற்க ஆர்வமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். தேடலில் அந்தச் சொல் அகப்படும், பொய்யும் சொல்லவில்லை.

ஆட்சேர்ப்பு மேசை

அகப்படும் என்பது உண்மை. திறந்து பார்க்கும்போது அந்தச் சொல் மஞ்சள் நிறத்தில் ஒளிரும், கண் நேராக அங்கே போகும், ஆர்வம் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்ததும் மூடிவிடுவேன். அந்த நேரத்தில் ஏமாற்றப்பட்டதுபோல ஓர் உணர்வும் வரும். பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தால், எந்தப் பகுதியை எவ்வளவு நேரம் கற்றேன் என்று எழுதுவதை வரவேற்பேன்.

பழைய தணிக்கையர்

இதில் நான் அம்மையாரோடு மாறுபடுகிறேன். அறிவிப்பில் எஸ்.ஏ.பி. விரும்பத்தக்கது என்றுதான் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. கட்டாயம் இல்லாத ஒன்றைத் தேடல் பெட்டியில் கட்டாயமாக்குவது உங்கள் தரப்பின் குறை. அந்தத் தடையைத் தாண்டி ஒருமுறை திறக்கப்படுவதற்காக, டேலியில் 6 ஆண்டு வேலை செய்திருக்கிறேன், எஸ்.ஏ.பி.யில் வேலை செய்ததில்லை, கற்றுக்கொள்ளத் தயார் என்று வெளிப்படையாக எழுதுபவரைத் தவறு சொல்ல மாட்டேன். இல்லை என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுகிறார் அல்லவா?

ஆட்சேர்ப்பு மேசை

இல்லை என்பதையும் அதே வரியில் சொன்னால் என் எதிர்ப்பு குறைகிறது. ஆனாலும் அதற்குப் பிறகு அழைப்பேனா என்று உறுதி சொல்ல முடியவில்லை, ஐயா. அன்றைக்கு எத்தனை எஸ்.ஏ.பி. அனுபவமுள்ளவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

எழுத்துருப் பித்தன்

ஓர் அடிப்படைச் சந்தேகம். இவ்வளவும் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம். கடிதத்தை மென்பொருள் தேடலில் சேர்த்துக்கொள்கிறதா?

ஆட்சேர்ப்பு மேசை

நான் பயன்படுத்திய நான்கில், இரண்டில் கடிதம் வெறும் இணைப்பாகக் கிடந்தது. திறந்தால் படிக்கலாம், தேடினால் வராது. ஒன்றில் எல்லா இணைப்புகளும் தேடலில் வந்தன. மற்றொன்றில் கடிதத்தைப் படிவத்தின் பெட்டியிலேயே ஒட்டச் சொல்லியிருந்ததால் அதுவும் தேடலில் வந்தது. விண்ணப்பிப்பவருக்கு இது தெரியாது என்பதால், தேடலுக்கு வேண்டிய சொற்கள் தன்விவரத்திலும் இருந்தே ஆக வேண்டும். நாக்ரி போன்ற வேலைத் தளங்களின் தரவில் நாங்களாகத் தேடும்போது கடிதமே இருக்காது. அங்கே நீங்கள் நிரப்பிவைத்த தன்விவரமும் திறன் பட்டியலும்தான்.

திருப்பூர் கணக்கர்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கடிதத்தையும் தன்விவரத்தையும் வேர்டில் புதிதாக எழுதினேன். பில்களை 250 வாங்கும் பில்கள், 150 ஜாப் ஒர்க் பில்கள் என்று பிரித்து, சாயப் பட்டறை வாக்கியத்தைத் தனியாக வைத்தேன். எஸ்.ஏ.பி. பற்றி ஐயா சொன்னபடி, இல்லை என்பதையும் சேர்த்து ஒரே வரியில் எழுதினேன். இரண்டு புதிய இடங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தேடலில் வந்ததால் அழைத்தார்களா, வரிசையாகப் படித்து அழைத்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தயக்கமாக இருந்தது.

பேசியவர் பிரிவுத் தலைவர். ஜி.ஆர்.என்.இல் உள்ள அளவும் பில்லில் உள்ள அளவும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நூலுக்கு ஒரு விடையும் சாயத்திற்கு ஒரு விடையும் சொன்னேன். 100 கிலோவில் 8 கிலோ குறைவதை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டு, அதைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார். எஸ்.ஏ.பி. பற்றிக் கேட்டபோது இல்லை என்றேன், குறித்துக்கொண்டார். அடுத்த சுற்று புதன்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தப் படிவத்தில் கடிதத்தை இணைப்பாகத்தான் ஏற்ற முடிந்தது.

பழைய தணிக்கையர்

தம்பி, புதன்கிழமைக்குள் உங்கள் ஜாப் ஆர்டர் ஒன்றின் எடைக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைவு பேசிய அளவைத் தாண்டினால் கூலியில் கழிப்பீர்களா, துணி விலையில் கழிப்பீர்களா என்று அடுத்த சுற்றில் கட்டாயம் கேட்பார்கள்.